வில்வராஜா வழக்கில் வென்றது யார்?

கொழும்புத்துறை:
"1988இல் லண்டனில் இருந்து இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்ட 5 தமிழ் இளைஞர்களும் ஸ்ட்ராஸ்பர்க் போய் வழக்காடி வென்று லண்டனுக்கே திரும்பி வந்தார்கள். தமிழனைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அங்கே இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அன்றைக்கே சொல்லிவிட்டது. வில்வராஜா வழக்கு தெரியாதவர்கள் அகதிச் சட்டம் பேச வராதீர்கள்."

வேம்படி:
ஸ்ட்ராஸ்பர்க்கில் அவர்கள் தோற்றார்கள். 1991 அக்டோபர் 30 அன்று வந்த தீர்ப்பில் 9 நீதிபதிகளில் 8 பேர், பிரித்தானியா ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 3ஆம் பிரிவை மீறவில்லை என்றார்கள். சித்திரவதைக்கும் கொடுமைக்கும் எதிரான பிரிவு அது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். லண்டனில் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் 14 வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். இந்தக் கதையை நம்பி நேர்காணலுக்கு வந்து, "நான் தமிழன், அங்கே பிரச்சினை" என்ற இரண்டு வரிக்கு மேல் எதுவும் சொல்லாமல் எழுந்து போனவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதுகில் தழும்பு இருக்கும், அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். நிராகரிப்புக் கடிதம் வந்த பிறகுதான் சட்டையைக் கழற்றிக் காட்டுவார்கள். அப்போது, "முதல் நேர்காணலில் ஏன் சொல்லவில்லை" என்று அடுத்த கேள்வி வரும்.

கொழும்புத்துறை:
அக்கா, ஒரே கேள்வி. 5 பேரும் லண்டனுக்குத் திரும்பி வந்தார்களா இல்லையா? வந்தார்கள். தோற்றவனை யார் கூட்டிக்கொண்டு வருவார்கள்?

வேம்படி:
கூட்டிக்கொண்டு வந்தது ஸ்ட்ராஸ்பர்க் இல்லை, தம்பி. வரிசையாகப் பாருங்கள்.

1987இல் அவர்கள் பிரித்தானியாவில் அசைலம் கேட்டார்கள், உள்துறை மறுத்தது. அந்த அக்டோபரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அந்த மனிதருக்கு உண்மையிலேயே பயம் இருக்கிறதா, அவர் நிலையில் இருக்கிற சாதாரண ஆளுக்கும் அந்தப் பயம் வருமா என்று பார்த்தால் போதும் என்றது. டிசம்பரில், அன்றைக்கு உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதைத் திருப்பிப் போட்டது. பயம் மட்டும் போதாது, திரும்பிப் போனால் துன்புறுத்தப்படுவதற்கு நியாயமான அளவு வாய்ப்பு இருக்கிறதா என்று வெளியில் இருந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றது. 1988 பிப்ரவரியில் விமானம் ஏற்றினார்கள்.

அந்தக் காலத்தில், வாசலிலேயே மறுக்கப்பட்டவர் நாட்டை விட்டுப் போன பிறகுதான் மேன்முறையீடு செய்யலாம். இவர்கள் இலங்கையில் இருந்தபடி லண்டனில் வழக்கறிஞர் வைத்துச் செய்தார்கள். 1989 மார்ச்சில் பிரித்தானியத் தீர்ப்பாளர் ஒருவர், இவர்களுடைய அச்சத்துக்கு ஆதாரம் இருந்தது, அசைலம் கொடுத்திருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அதனால்தான் அதே வருடம் திரும்பி வந்தார்கள். ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பு அதற்கு இரண்டு வருடம் பிறகு.

நெல்லைச்சீமை:
இதில் என்ன பெரிய விவாதம்? 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்தே போடவில்லை. போடாத நாட்டுக்கு, ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக்கூடாது என்கிற நான்-ரிஃபூல்மென்ட் எப்படிப் பொருந்தும்? வேலைக்காகப் போகிறவர்கள் எல்லாம் அகதி என்றால் நானும் துபாயில் அகதிதான்.

வேம்படி:
ஐயா, பேசிக்கொண்டிருப்பது பிரித்தானியாவைப் பற்றி. அது கையெழுத்துப் போட்ட நாடு. நீங்கள் துபாய்க்குப் போனதால் உங்களை நெல்லையில் யாரும் தேடவில்லை. அந்த ஒப்பந்தம் கேட்கிற முதல் கேள்வியே, யாருக்குப் பயந்து திரும்பப் போக முடியாமல் இருக்கிறீர்கள், எதற்காக உங்களைத் தேடுகிறார்கள் என்பதுதான்.

நெல்லைச்சீமை:
கேட்டதற்குப் பதில் வரவில்லை. இந்தியா கையெழுத்துப் போட்டதா, இல்லையா?

தூரதேசம்:
கையெழுத்தை விடுங்கள். வேம்படி அக்கா சொல்வதில் ஒன்று எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அந்த 5 பேரில் மூன்று பேர் திரும்பிப் போன பிறகு அடிபட்டதாகச் சொன்னார்கள். அடி விழுந்த பிறகும் "ஆபத்து இருந்ததாகத் தெரியவில்லை" என்று ஒரு நீதிமன்றம் எழுத முடியும் என்றால், அதைச் சட்டம் என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வேம்படி:
இது நியாயமான கேள்வி. எனக்கும் அந்த இடத்தை வாசிக்கும்போது வலிக்கும்.

நீதிமன்றம் பின்னால் என்ன நடந்தது என்று மட்டும் பார்க்கவில்லை. விமானம் ஏற்றிய அன்றைக்குப் பிரித்தானிய உள்துறை அமைச்சருக்கு என்ன தெரியும், என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பார்த்தது. அப்போது வடக்கு கிழக்கில் இந்திய அமைதிப்படை இருந்தது. 1987 டிசம்பர் கடைசியில் ஐ.நா. அகதிகள் ஆணையமே விருப்பப்பட்டவர்களை ஊருக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. இதை எல்லாம் எடுத்துக்கொண்டு, மற்ற இளம் தமிழ் ஆண்களை விட இவர்களுடைய நிலை மோசம் என்று காட்டும் தனிப்பட்ட அடையாளம் எதுவும் இவர்கள் கோப்பில் இல்லை, பொதுவாக ஆபத்து வரக்கூடும் என்பது மட்டும் போதாது என்று முடித்தது.

அந்த "தனிப்பட்ட அடையாளம்" என்ற ஒரு சொல்தான் அதற்குப் பிறகு எங்கள் ஆட்களைப் பல வருடம் அடித்தது. ஒவ்வொரு நிராகரிப்புக் கடிதத்திலும் ஏதாவது ஒரு வடிவத்தில் அது இருக்கும். ஊரில் எல்லோருக்கும் ஒரே மாதிரி அடி விழுந்தால், எனக்கு மட்டும் தனியாக விழுந்தது என்று எப்படிக் காட்டுவது?

கொழும்புத்துறை:
அதாவது தீர்ப்பு தப்பு என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள். அப்படியானால் வென்றது அவர்கள்தானே. திரும்பியும் வந்தார்கள்.

வேம்படி:
தீர்ப்பு எனக்குப் பிடிக்கவில்லை என்பதால் அது வெற்றி ஆகிவிடாது.

இன்னொன்று. ஸ்ட்ராஸ்பர்க், அகதி யார் என்று தீர்ப்புச் சொல்கிற இடமே இல்லை. 1951 ஒப்பந்தத்தின்படி, இனம், மதம், தேசிய இனம், சமூகக் குழு, அரசியல் கருத்து என்ற ஐந்தில் ஒன்றுக்காகத் துன்புறுத்துவார்கள் என்ற அச்சம் இருக்க வேண்டும். நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்றால், திருப்பி அனுப்பாமை என்ற அந்தப் பாதுகாப்பையே இழக்கவும் கூடும். ஐரோப்பிய உடன்படிக்கையின் 3ஆம் பிரிவில் காரணமும் கேட்பதில்லை, விலக்கும் இல்லை. கொலைகாரனாக இருந்தாலும் சித்திரவதைக்கு அனுப்பக்கூடாது. ஆனால் ஆபத்து உண்மையானது என்று காட்ட வேண்டும். அதனால்தான் அதே ஆட்கள், அதே கதை, லண்டன் தீர்ப்பாளரிடம் அகதி, ஸ்ட்ராஸ்பர்க்கில் தோல்வி. இரண்டும் ஒரே கேள்வி இல்லை.

நெல்லைச்சீமை:
இவ்வளவு நீளமாக எழுதியும் இந்தியா கையெழுத்துப் போட்டதா என்பதற்குப் பதில் இல்லை. எனக்குத் தெரியும், வராது.

வேம்படி:
போடவில்லை. போதுமா? ஆனால் போடாததால் எதுவும் இல்லை என்பது தவறு. 1998இல் குஜராத் உயர் நீதிமன்றம் இரண்டு ஈராக்கியர்கள் வழக்கில், அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் இருந்தே இந்தப் பாதுகாப்பை எடுத்தது. அதற்கு எதிர்த் திசையில், 2021 ஏப்ரலில் ஜம்முவில் பிடித்து வைக்கப்பட்ட ரோஹிங்கியாக்களை அனுப்புவதைத் தடுக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. உரிய நடைமுறைப்படிதான் அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொன்னது. ஆக இந்தியாவில் இது இன்னும் தீராத சண்டை.

முகாம்பிள்ளை:
எல்லோரும் தீர்ப்புப் பேசுகிறீர்கள். நான் தமிழ்நாட்டில் ஓர் இலங்கை அகதி முகாமில் பிறந்தவன். 1992இல் ஓர் அதிகாரி எங்கள் அப்பாவிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார். ஊருக்குப் போக விருப்பம் என்று அதில் எழுதியிருந்ததாம். அப்பாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது, வாசித்துக் காட்டவும் இல்லை. கப்பலில் பெயர் வந்த பிறகுதான் தெரிந்தது. அம்மா அழுது புரண்டு பெயரை நீக்கினார்கள். கையெழுத்து இருந்தால் அது விருப்பமா? இதற்கு எந்த நீதிமன்றத்தில் பதில்?

தூரதேசம்:
தம்பி, கையைப் பிடித்துத் தள்ளுவதும் தாளை நீட்டி அனுப்புவதும் ஒன்றுதான் என்பது என் கருத்து. அதே 1992இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இந்தக் கேள்வி போன பிறகுதான், விருப்பத்தைச் சரிபார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஆட்கள் சென்னையில் வந்து உட்கார்ந்தார்கள்.

நெல்லைச்சீமை:
நாங்கள் முகாம் கொடுத்தோம், பணக்கொடை கொடுத்தோம், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தோம். நன்றி என்று ஒரு வார்த்தை வராது.

முகாம்பிள்ளை:
அண்ணா, பள்ளிக்கூடத்துக்கு நன்றி. நான் கேட்டது தாளைப் பற்றி.

வேம்படி:
தம்பி கேட்டதுதான் இங்கே உருப்படியான கேள்வி, அதை விட்டு எல்லோரும் நன்றிக் கணக்கு பார்க்கிறீர்கள். விருப்பம் என்றால் அங்கே என்ன நிலைமை என்று தெரிந்திருக்க வேண்டும், வேண்டாம் என்று சொல்லவும் முடிய வேண்டும், சொன்னால் ரேஷனோ பணமோ நிற்கக்கூடாது. வாசிக்கத் தெரியாதவரிடம் வாங்கிய கையெழுத்தை நான் விருப்பம் என்று மொழிபெயர்க்க மாட்டேன்.

கொழும்புத்துறைத் தம்பிக்கு ஒன்று. உங்களுக்கு வெற்றிதான் வேண்டும் என்றால் 2008 ஜூலையில் அதே நீதிமன்றம் பிரித்தானியாவுக்கு எதிராகச் சொன்ன தீர்ப்பை வாசியுங்கள். தீர்ப்பில் பெயருக்குப் பதிலாக என்.ஏ. என்ற எழுத்துகள்தான் இருக்கும். அவரும் தமிழர். இராணுவம் அவரை 6 முறை பிடித்து விட்டிருந்தது. உடம்பில் தழும்பு, கடைசி முறை அவரை வெளியே எடுக்க அப்பா கையெழுத்துப் போட்ட பதிவு, திரும்பினால் லண்டனில் இருந்து வந்தவர் என்ற சந்தேகம். ஒவ்வொன்றும் தனியாகப் போதாது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம், அனுப்பினால் 3ஆம் பிரிவு மீறப்படும் என்றது. அங்கேயும் தமிழர் என்பதற்காக மட்டும் வெற்றி இல்லை. அவர் ஒவ்வொன்றையும் சொன்னார், வென்றார்.

கொழும்புத்துறை:
என்.ஏ. வழக்கு நான் கேட்டது இல்லை. நான் சொன்னது வில்வராஜா வழக்கு. 5 பேரும் லண்டனுக்குத் திரும்பினார்கள், இதை உங்களால் மறுக்க முடியவில்லை. லண்டனில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவர்களுக்கு எங்கள் வெற்றியைச் சொன்னால் ஏன் சுடுகிறது?

வேம்படி:
சுடுவது எனக்கில்லை. அடுத்த நேர்காணலுக்கு உங்கள் வரியை நம்பிப் போகிறவருக்கு. 1989 மார்ச், 1991 அக்டோபர், இந்த இரண்டு தேதியையும் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள்.

கொழும்புத்துறை:
பார்த்தேன். திரும்பி வந்தார்கள்.