பொருள்: ஓடிபி மெசேஜின் கடைசி 11 எழுத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

மல்லாவியிலிருந்து:

பால் சேகரிப்பு அப் ஒன்றுக்குத் தமிழ் உதவிப்பக்கம் எழுதுகிறேன். ஓடிபி வந்ததும் பெட்டியில் தானாக நிரம்புவதைத் 'தன்னிரப்பல்' என்று எழுதிவிட்டேன். சிக்கல் மெசேஜின் அடியில் வரும் 11 எழுத்துக் கோவைதான். `FA+9qCX9VSu` போல இருக்கும். ஆங்கிலத்தில் 'ஹாஷ்' என்கிறார்கள். வாசிக்கிறவருக்கு அது குப்பை எழுத்தாகத் தெரிகிறது. 'செயலிக் கைநாட்டு' சரிவருமா?

இன்னொன்று: மெசேஜ் ஆங்கிலத்தில் போனால் நிரம்புகிறது, தமிழில் போனால் நிரம்புவதில்லை.

நெடுங்கேணியிலிருந்து:

பெயரை விடுங்கோ, முதலில் போனில் அந்த அப்புக்கு எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்திருக்கோ எண்டு பாருங்கோ. கொடுக்காட்டி எந்த மொழியிலும் நிரம்பாது.

கிளிநொச்சியிலிருந்து:

அண்ணை சொல்வது பழைய முறைக்குச் சரி. அப்போது அப் தானே எல்லா மெசேஜையும் வாசிக்கும். அதற்கு `READ_SMS` அல்லது `RECEIVE_SMS` வேண்டும். ஓடிபி வாசிக்க மட்டும் அவற்றைக் கேட்கும் அப்புகளைப் பிளே ஸ்டோர் 2019 முதல் விடுவதில்லை. மல்லாவிக்காரர் சொல்லும் அப் SMS Retriever வழியைப் பாவிக்கிறது. அடியில் ஹாஷ் இருப்பதே அதற்கு அடையாளம். இதில் அனுமதி கேட்கப்படுவதே இல்லை. அமைப்பில் போய்த் தேடினாலும் அந்தச் சொடுக்கி இருக்காது. மெசேஜை வாசிப்பது கூகிள் பிளே சேவைகள். அடியில் உள்ள 11 எழுத்தைப் பார்த்து, அது எந்த அப்புக்கு உரியதோ அதற்கு மட்டும் கொடுக்கும். அப் கேட்கத் தொடங்கி 5 நிமிடத்துக்குள் பொருந்தும் மெசேஜ் வராவிட்டால் `TIMEOUT` வரும். மெசேஜ் போனில் கிடந்தும் `TIMEOUT` வந்தால், அடையாளம் பொருந்தவில்லை என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தமிழில் நிரம்பாததற்குக் காரணம் நீளம். மெசேஜ் 140 பைட்டுக்குள் இருக்க வேண்டும். தமிழ் எழுத்து கலந்தால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 குறியீடுதான் கொள்ளும். 'கு' என்பதே இரண்டு. நீங்கள் அனுப்புவது இப்படித்தானே:

```
உங்கள் ஒருமுறைக் கடவுச்சொல் 482913. இதனை எவருக்கும் சொல்லவேண்டாம்.
FA+9qCX9VSu
```

முதல் வரி 66. அதுமட்டும் என்றால் கொள்ளும். வரிமுறிவும் ஹாஷும் சேர்ந்தால் 78; மெசேஜ் இரண்டாக உடைகிறது. இதைப் போட்டுப் பாருங்கள், மொத்தம் 30தான்:

```
உங்கள் குறி 482913
FA+9qCX9VSu
```

140 பைட்டை UTF-8 கணக்கில் எண்ணினாலும் இது 50 பைட்தான்.

மல்லாவியிலிருந்து:

சுருக்கியதும் நிரம்பியது. ஆனால் அது என் கணினியில் கட்டிய பதிப்பில். பிளே ஸ்டோரில் இருந்து இறக்கியதில் ஆங்கிலமும் நிரம்பவில்லை.

கிளிநொச்சியிலிருந்து:

அது வேறு கதை. ஹாஷ் இப்படித்தான் பிறக்கிறது:

```
base64(sha256(package + " " + certHex))[0:11]
```

`certHex` என்பது அப்பில் ஒப்பமிட்ட சான்று. உங்கள் கணினி ஒரு சாவியால் ஒப்பமிடுகிறது. Play App Signing இருந்தால், கூகிள் தன்னிடமுள்ள வேறு சாவியால் ஒப்பமிட்டு வெளியிடுகிறது. பொதிப்பெயர் ஒன்றேயானாலும் ஹாஷ் மாறிவிடும். பிளே கன்சோலில் இருந்து app signing key சான்றை இறக்கி, அதிலிருந்து கணக்கிட்ட 11 எழுத்தைச் சேர்வரில் வையுங்கள். பதிவேற்றச் சாவியின் சான்று அதே பக்கத்தில் கிடக்கும். பலர் அதைத்தான் தவறி எடுக்கிறார்கள்.

பெயருக்கு வருவோம். 'கைநாட்டு' வேண்டாம். எங்கள் பக்கம் அது எழுதத் தெரியாதவரைக் குறிக்கும் சொல்லாகப் போய்விட்டது.

நெடுங்கேணியிலிருந்து:

அப்ப 'சுடுகுறி' எண்டு வையுங்கோ. பட்டி மாடு கலந்து மேய்ந்தாலும் குறியைப் பார்த்து ஆரின்ர மாடெண்டு பிரிப்பமே. பிளே சேவை செய்யிறதும் அதுதானே?

கிளிநொச்சியிலிருந்து:

உவமை அருமை அண்ணை. ஆனால் சுட்ட குறி அழியாது. இது சாவி மாறினால் மாறும். மெசேஜிலேயே 'உங்கள் குறி 482913' என்று எழுதியிருக்கிறோம். இரண்டும் குறியானால் வாசிக்கிறவர் எதைத் தட்டெழுதுவார்? 'ஒப்பவால்' என் முன்மொழிவு. ஒப்பத்தில் பிறந்து வாலில் நிற்பது.

மாங்குளத்திலிருந்து:

என்னுடையது ஐபோன். அதில் இந்த வால் இல்லாமலே விசைப்பலகைக்கு மேலே எண் வருகிறதே, ஏன் அன்ட்ரொயிட்டுக்கு மட்டும்?

கிளிநொச்சியிலிருந்து:

அங்கே எண்ணைக் கண்டுபிடிப்பது ஐபோனே. நீங்கள் தொட்டால்தான் பெட்டிக்குள் போகும், அப் மெசேஜைப் பார்ப்பதில்லை. அன்ட்ரொயிட்டிலும் SMS User Consent என்று வாலில்லாத வழி உண்டு. ஒவ்வொரு முறையும் பயனரிடம் 'அனுமதிக்கவா' என்று கேட்கும். அனுப்பிய எண் தொடர்புப் பட்டியலில் சேமிக்கப்பட்டிருந்தால் அதுவும் வேலைசெய்யாது.

மல்லாவியிலிருந்து:

சான்றை மாற்றினேன், ஸ்டோர் பதிப்பும் நிரம்புகிறது. உதவிப்பக்கத்தில் இப்போதைக்கு 'ஒப்பவால்' என்று போடுகிறேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், 'குரங்குக்கோ?' என்று கேட்டார். வேறு சொல் இருந்தால் வெள்ளிக்கு முன் எழுதுங்கள்.