அஃபோகாட்டோவுக்கும் எஸ்பிரஸோ டொனிக்குக்கும் ஒரே கோப்பி சரிவருமா?

பூனாகலைப் பிள்ளை:
வீட்டில் மூணு கப் மோக்கா பொட் இருக்கு. நல்லா கறுக்க வறுத்த கோப்பித்தூளில் அஃபோகாட்டோ போட்டால் ஐஸ்கிரீம் ஒரே நிமிஷத்தில் பாயாசமாகுது. அதே கோப்பியை காஸ் அடைச்ச டொனிக் தண்ணியில் ஊத்தினால் பொங்கி வழியுது, மிச்சம் வாயில் வைக்க முடியாத கசப்பு. எதுக்கு எவ்வளவு ஸ்ட்ரோங்கா போடணும்? மெஷின் வாங்காமல் முடியுமா?

லிந்துலை ராசா:
முடியும் தங்கச்சி. ஐஸ்கிரீமுக்கு கடுங்கோப்பி, டொனிக்குக்கு லைட் கோப்பி. டொனிக்குக்குப் போடும்போது கோப்பியில் கொஞ்சம் சுடுதண்ணி கலந்து இளக்கிட்டு ஊத்துங்க, கசப்பு குறைஞ்சிரும். இன்னொண்ணு, நம்ம மலையில் தண்ணி 100 பாகைக்கு முன்னாலேயே கொதிச்சிரும். அதனால் கோப்பி சரியா இறங்காது. தூளை இன்னும் ஒரு கரண்டி கூட்டி அமுக்கிப் போடுங்க.

ஹட்டன் கேத்தல்:
ராசா அண்ணே, லைட் கோப்பி என்று நீங்க சொன்னது பாதி சரி. ஆனா "லைட்" என்ற ஒரே சொல்லில் ரெண்டு விஷயம் இருக்கு. வறுவல் இளசா என்பது ஒண்ணு. கோப்பித் தண்ணி எவ்வளவு திடமா இருக்கு என்பது வேற. டொனிக்குக்கு வேண்டியது இளசா வறுத்த கொட்டை, ஆனா திடமா இறக்கின கோப்பி. அதில் தண்ணி கலந்தால் கசப்பு போகாது. கறுத்த வறுவலின் கரிக்கசப்பும் டொனிக்கில் இருக்கிற குயினைன் கசப்பும் அப்படியே நிக்கும், கோப்பி வாசமும் காஸும்தான் போகும்.

தூளை அமுக்கவே கூடாது. மோக்கா பொட்டில் அழுத்தம் ஒண்ணு, ஒண்ணரை பார்தான். எஸ்பிரஸோ மெஷினில் ஒன்பது பார். அமுக்கின தூளுக்குள்ளே தண்ணி ஏற முடியாமல் நின்னு சூடேறி, கடைசியில் கருகின ருசியோட வரும். கூடையை விளிம்பு வரைக்கும் நிரப்பி, விரலால் தட்டிச் சமப்படுத்தினால் போதும்.

பிள்ளை, உங்க ஐஸ்கிரீம் ஏன் உருகுதுன்னு பார்ப்போம். கோப்பியின் திடம் அதுக்குக் காரணம் இல்ல, ஊத்துற அளவுதான் காரணம். மூணு கப் பொட்டில் வால்வுக்குக் கீழ் வரைக்கும் தண்ணி விட்டால் ஏறக்குறைய 150 மில்லி பிடிக்கும். கூடையில் 15 கிராம் தூள் போகும். மேலே வந்து சேர்றது 110 மில்லி மட்டில். 75 பாகைச் சூட்டில் இருக்கிற ஒரு மில்லி கோப்பி, முழுசாக் கலந்து ஆறும் வரைக்கும் விட்டால் ஒண்ணரை கிராம் ஐஸ்கிரீமை உருக்கிரும். அப்போ 110 மில்லிக்கு 165 கிராம். ரெண்டு உருண்டை ஐஸ்கிரீம் மொத்தமே 120 கிராம்தானே? ஒண்ணும் மிஞ்சாது. 40 மில்லி மட்டும் ஊத்தினால் 60 கிராம் உருகும், பாதி அப்படியே நிக்கும். அதுதான் அஃபோகாட்டோ.

அந்த 40 மில்லியும் திடமா இருக்கணும். மோக்கா பொட்டில் முதலில் வர்ற கோப்பிதான் திடமானது, பின்னால் வர்றது இளசும் கசப்பும். அதனால் மூடியைத் திறந்து வைச்சுக்கிட்டு, மெல்லிய தீயில் ஏத்துங்க. தேன் நிறத்தில் இழையா வர ஆரம்பிச்சு, 45 மில்லி சேர்ந்ததும் அடுப்பை விட்டு எடுத்து, அடிப்பாகத்தைக் குழாய்த்தண்ணியில் காட்டினால் ஓட்டம் நின்னிரும். முதலில் ஒரு சின்ன கிளாசில் 45 மில்லி அளந்து பொட்டின் மேல்பாகத்தில் ஊத்தி, எந்த மட்டம் வரைக்கும் வருதுன்னு பார்த்து வைச்சுக்கோங்க.

கண்டி வறுவல்:
கேத்தலார் சொன்ன அளவுக் கணக்கை ஒத்துக்கிறேன். ஆனா ரெண்டுக்கும் ஒரே திடம் என்பதை ஒத்துக்க மாட்டேன். எஸ்பிரஸோ மெஷினில் அஃபோகாட்டோவுக்கு 18 கிராம் தூளில் 30 கிராம் கோப்பிதான் இறக்கணும். சீனியும் பால்கொழுப்பும் நாக்கை மூடிரும், அதைத் தாண்டி வர அவ்வளவு அடர்த்தி வேணும். டொனிக்குக்கு அதே 18 கிராமில் 45 கிராம் வரைக்கும் விடணும். இளசா வறுத்த கொட்டை கெட்டியா இருக்கும், சாறு லேசில் விடாது. 30 கிராமில் நிறுத்தினால் புளிச்ச உப்புச்சுவைதான் கிடைக்கும். டொனிக்கில் ஏற்கனவே சிட்ரிக் அமிலம் இருக்கு, புளிப்பின் மேல் புளிப்பு ஏறிரும். ஆக ராசா அண்ணன் சொன்ன "இளக்கம்" முழுப்பிழை இல்ல. இறக்கின பிறகு தண்ணி கலக்கிறதுதான் பிழை. இறக்கும்போதே கொஞ்சம் நீளமா இறக்கணும்.

ஹட்டன் கேத்தல்:
மெஷினுக்கு அது சரி. மோக்கா பொட்டில் 45 மில்லியைத் தாண்டி விட்டால் பின்னால் வர்ற நீராவியும் கசப்பும் சேர்ந்திரும். அதனால் பொட் வைச்சிருக்கிறவங்க ரெண்டுக்கும் ஒரே இடத்தில் நிறுத்தட்டும், கொட்டையை மட்டும் மாத்தட்டும். டொனிக்குக்கு அரைப்பைக் கொஞ்சம் நைசாக்கினால் இளவறுவலும் சாறு விடும்.

கொட்டகலை அக்கா:
நான் இதை சோடாவில்தான் செய்றேன். கோப்பி, சோடா, ரெண்டு கரண்டி சீனி, தேசிக்காய்ச்சாறு. பொங்கவே பொங்காது, கசப்பும் இல்ல. டொனிக் எதுக்கு, ரெண்டும் காஸ்தானே? இங்க உள்ள குளிருக்கு போத்தலை ஃபிரிட்ஜில் வைக்கவும் தேவையில்ல.

கண்டி வறுவல்:
அக்கா, அது நல்ல பானம்தான், ஆனா பிள்ளை கேட்டது வேற. டொனிக்கின் ருசியே குயினைனும் சீனியும். சோடாவில் குயினைன் இல்ல. டொனிக் கிடைக்காத ஊரில் பிட்டர் லெமன் போத்தல் வாங்கினால் ஓரளவு கிட்ட வரும், அதிலயும் குயினைன் உண்டு. இனிப்பு கூட, அதனால் 120 மில்லிக்குப் பதிலா 90 மில்லி பிட்டர் லெமனும் 30 மில்லி சோடாவும் விடுங்க.

குளிர் விஷயம் அப்படி இல்ல. கொட்டகலையில் அறைச்சூடு 18 பாகைன்னு வைச்சுக்கோங்க. ஃபிரிட்ஜின் 4 பாகையில் தண்ணி பிடிச்சு வைக்கிற காஸ், 18 பாகையில் பிடிக்கிறதை விட ஒண்ணரை மடங்கு. மேசையில் நின்ன போத்தலைத் திறந்து சூடான கோப்பியை ஊத்தினால் காஸ் ஒரேயடியா வெளியேறும். பிள்ளைக்குப் பொங்கினதில் பாதி இதனாலயா இருக்கலாம். பிள்ளை, போத்தல் எங்க இருந்தது?

பூனாகலைப் பிள்ளை:
அலமாரியில். ஐஸ் மூணு கட்டி போட்டேன். கோப்பியை முதலில் ஊத்தி அதுக்கு மேலே டொனிக் விட்டேன்.

ஹட்டன் கேத்தல்:
ரெண்டு பிழை கையில் கிடைச்சது. வரிசையைத் திருப்புங்க. உயரமான கிளாசில் விளிம்பு வரைக்கும் ஐஸ், பிறகு குளிர்ந்த டொனிக் 120 மில்லி சரிவா வடிய விடுங்க, மேலே மூணு விரல் இடம் விடுங்க. கடைசியா கோப்பி 40 மில்லியை மேலே நிக்கிற ஐஸ்கட்டி மேல் படுறமாதிரி, கரண்டியின் பின்பக்கத்தால் மெல்ல.

இன்னொரு காரணம் வண்டல். மோக்கா கோப்பியில் நுண்ணிய தூள் மிதக்கும். ஒவ்வொரு துகளையும் பிடிச்சு காஸ் குமிழாகி மேலே வரும். ஊத்துறதுக்கு முன் ஒரு காகித ஃபில்டரில் வடிச்சால் நுரை பாதியாகும். வடியிற நேரத்தில் கோப்பியும் ஆறிரும், அதுவும் நல்லதுதான்.

கண்டி வறுவல்:
வடிச்சால் மேலே நிக்கிற எண்ணெயும் போயிரும். வாசம் அதில்தான் இருக்கு. கோப்பிக் கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணியில் ரெண்டு நிமிஷம் நிறுத்தி, வண்டல் அடியில் தங்கின பிறகு மேலே உள்ளதை மட்டும் ஊத்துறதுதான் என் வழி.

ஹட்டன் கேத்தல்:
அஃபோகாட்டோவுக்கு எண்ணெய் வேணும், வடிக்கவே கூடாது. டொனிக்கில் எனக்கு அது நாக்கில் பிசுக்கா ஒட்டுது. இதில் நாம ரெண்டு பேரும் ஒத்துப்போக மாட்டோம்.

லிந்துலை ராசா:
சரி, வறுவல் விஷயம் விளங்குது. ஆனா கொதி பாகை? நுவரெலியாவில் 94 பாகையில் கொதிக்குதே, அது கணக்கில் இல்லையா?

ஹட்டன் கேத்தல்:
அது உண்மைதான் அண்ணே. ஆனா மோக்கா பொட்டுக்கு அது பெரிய சங்கதி இல்ல, உள்ளே அடைபட்ட காற்றும் ஆவியும் தள்ளி, தளதளன்னு கொதிக்கிறதுக்கு முன்னாலேயே தண்ணி மேலே ஏற ஆரம்பிச்சிரும். கேத்தலில் கொதிக்க வைச்சு ஊத்தி இறக்கிற கோப்பிக்குத்தான் கவனிக்கணும். "கொதிச்ச தண்ணியை ஆறவிட்டு ஊத்து" என்று எழுதியிருப்பது கடல் மட்டத்துக்காரங்களுக்கு. மேல்மலையில் இளவறுவலுக்கு ஆறவிடவே வேணாம், கொதிச்ச கையோட ஊத்துங்க.

பூனாகலைப் பிள்ளை:
ரெண்டு கொட்டை வாங்க இப்போ வசதிப்படாது. ஒண்ணுதான் வாங்கலாம் என்றால்?

கண்டி வறுவல்:
நடுவறுவல் அரபிகா வாங்குங்க. அஃபோகாட்டோவில் கறுத்த வறுவல் தர்ற சொக்லேட் கசப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். டொனிக்கில் கறுத்த வறுவலை எதுவும் காப்பாத்தாது. ஒரு எச்சரிக்கை: ஊர்க் கோப்பித்தூளில் சில இடங்களில் கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்து அரைப்பாங்க. பொட்டலத்தில் என்ன சேர்ந்திருக்குன்னு கேட்டு வாங்குங்க. ஐஸ்கிரீமோட அது பரவாயில்ல, டொனிக்கில் கஷாயமாகிரும். ஊர்த்தூள் மாவா அரைச்சிருந்தால் பொட்டின் வடியையும் அடைச்சிரும். மேசை உப்பை விடக் கொஞ்சம் நைசா இருந்தால் சரி.

கொட்டகலை அக்கா:
ரொபஸ்டா கலந்தது ஐஸ்கிரீமுக்கு நல்லா இருக்கும்னு சொல்றாங்களே?

கண்டி வறுவல்:
அஃபோகாட்டோவுக்கு நாலில் ஒரு பங்கு கலக்கலாம் அக்கா, கசப்பு ஐஸ்கிரீமின் இனிப்பைத் தாண்டி வரும். கபீன் அரபிகாவை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு, ராத்திரிக்கு வேணாம்.

ஹட்டன் கேத்தல்:
பிள்ளை, ஐஸ்கிரீமையும் பாருங்க. ஒரு லீட்டர் டப்பாவைத் தராசில் வைங்க. அரைக் கிலோ மட்டில் நின்னால் பாதி காற்று, கோப்பி பட்டதும் அமுங்கிரும். கனமான டப்பாவைத் தேடுங்க. உருண்டைகளைக் கிண்ணத்தோட 20 நிமிஷம் ஃப்ரீசரில் வைச்சு எடுத்து, உடனே ஊத்துங்க. உங்க ஃப்ரீசர், ஃபிரிட்ஜுக்குள்ளேயே மேலே இருக்கிற சின்னப் பெட்டியா, தனிக்கதவா?

பூனாகலைப் பிள்ளை:
உள்ளே இருக்கிற சின்னப் பெட்டி. ஐஸ்கிரீம் எப்பவும் கரண்டியில் வழுக்குற மாதிரித்தான் இருக்கும்.

ஹட்டன் கேத்தல்:
அப்போ 40 மில்லியும் கூட, 30க்கு இறக்குங்க. உங்க ஐஸ்கிரீம் ஏற்கனவே பாதி உருகின நிலையில் இருக்கு, ஒண்ணரை கிராம் கணக்கு அதுக்குப் பொருந்தாது.