வயிறு உப்புவது நார் குறைந்தா, கூடியா?

வரிக்குதிரை: ஒரே வாரத்தில் புரோட்டீனை 60 கிராமிலிருந்து 130 கிராமுக்கு ஏற்றினேன். காலையும் மாலையும் பாலில் வே பவுடர், நடுவில் இரண்டு புரோட்டீன் பார். நாலாம் நாளிலிருந்து வயிறு பலூன். "நார் பத்தலை, ரெட்டிப்பாக்கு" என்கிறார் ஜிம் நண்பர். செய்யலாமா?

கரடி: இந்த "நாரை ரெட்டிப்பாக்கு" பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. பார் உறையைத் திருப்பிப் பாருங்கள். இனுலின் அல்லது சிக்கரி வேர் நார் என்று இருந்தால், தெரியாமலே நாரை ஏற்றிவிட்டீர்கள். சில பார்களில் ஒன்றுக்கே எட்டு, பத்து கிராம். அது சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடல் பாக்டீரியாவுக்கு விருந்து, உங்களுக்குக் காற்று.

சும்மாவந்தவன்: பாரில் சேர்ப்பதெல்லாம் ஒரு நாரா? நார் என்றால் இசப்கோல். ஐந்து வருடமாகக் குடிக்கிறேன், வயிறு கல் மாதிரி.

கரடி: கல் மாதிரி என்பது பெருமையா, புகாரா? இசப்கோல் அதிகம் புளிக்காது, தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். இனுலின் மளமளவென்று புளிக்கும். இரண்டும் நார்தான், வேலைதான் வேறு.

சும்மாவந்தவன்: அப்போ பாரில் இருப்பது நார் இல்லை என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

கரடி: "இரண்டும் நார்தான்" என்று எழுதியதைப் படித்தீர்களா? கிரியாட்டின் திரியிலும் இதே கதைதான், பாதியில் காணாமல் போனீர்கள்.

சும்மாவந்தவன்: அன்றைக்கு என் வீட்டில் கரண்ட் இல்லை. பேச்சை மாற்றாதீர்கள்.

நித்யா: எனக்குப் பார் ஒன்றும் செய்யாது, பால்தான் எமன். ஐசோலேட் வகை வே பவுடருக்கு மாறி, தண்ணீரில் கலக்கிக் குடித்தேன், அடங்கியது.

கரடி: பாதி சரி, நித்யா. ஒரு டம்ளர் பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ், சிலருக்குச் செரிக்காத பால் சர்க்கரை. கான்சன்ட்ரேட் பவுடரிலும் கொஞ்சம் உண்டு, ஐசோலேட்டில் மிகக் குறைவு. ஆனால் உங்கள் வயிறு வரிக்குதிரையின் வயிறு இல்லையே. வரிக்குதிரை, முதலில் பாரை மட்டும் நாலு நாள் நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். குறையவில்லையா, அப்புறம் பாலில் கை வையுங்கள். இரண்டு நாளாகப் போகாமல் இறுக்கிப் பிடித்து, போனதும் வயிறு இளகினால் அது மலச்சிக்கல். மலச்சிக்கல் என்றால்தான் இசப்கோல். தினம் ஒரு ஸ்பூனில் தொடங்கி, பெரிய டம்ளர் தண்ணீரோடு. வறட்டுப் பொடியாக வாயில் போட்டால் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளும்.

சும்மாவந்தவன்: கடைசியில் இசப்கோல்தான். நான் முதலிலேயே சொன்னேன்.

கரடி: "மலச்சிக்கல் என்றால்" என்ற வார்த்தை உங்கள் திரையில் மட்டும் தெரியவில்லை போல.

வரிக்குதிரை: ஐந்து நாள் ஆச்சு. பாரை விட்டேன், உப்பல் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் ஒன்று, அந்த நாட்களில் பாலும் வாங்கவில்லை. பவுடரைத் தண்ணீரில்தான் கலக்கினேன்.

நித்யா: பார்த்தீர்களா, பால்!

கரடி: ஒன்றை மட்டும் நிறுத்தச் சொன்னேனே ஐயா! இப்போது எதை வைத்துச் சொல்வது? பாலை மட்டும் திரும்பச் சேர்த்துப் பாருங்கள்.

சும்மாவந்தவன்: இசப்கோல் குடித்தாரா இல்லையா, அதை யாருமே கேட்கவில்லை.