சந்தேகம்: 5 நிமிடம் எப்படி 299 நொடி ஆனது?

இரவுப்பணி: விரிதாளில் 8 ஒலிப்பதிவுகளின் நேரம் வைத்திருக்கிறேன். A-யில் தொடக்கம், B-யில் முடிவு, இரண்டிலும் தேதியும் உண்டு. நொடிக்கு இந்த பார்முலா:

```
=INT((B2-A2)*86400)
```

மொத்தத்தில் 1 நொடி குறைகிறது. தேடிப் பார்த்தால் முதல் வரிதான் காரணம். 00:00:00-க்குத் தொடங்கி 00:05:00-க்கு முடிகிறது, ஆனால் 299 என்கிறது. மற்ற வரிகள் சரியாக இருக்கின்றன.

கட்டம்கட்டி: தசமப் பிழைதான். ROUND போட்டால் போதும்: `=ROUND(B2-A2,2)`

இரவுப்பணி: போட்டேன். இப்போது 0 வருகிறது!

பழையகணக்கு: ROUND சரி, போட்ட இடம்தான் தப்பு. விரிதாளுக்கு 1 என்றால் ஒரு முழு நாள். அதில் இரண்டு தசமம் என்பது 14 நிமிடம் 24 நொடி. உங்கள் 5 நிமிடம் அதில் காணாமலே போய்விடும்.

299 வந்த கதை இது. இன்றைய தேதி உள்ளே 45 ஆயிரத்தைத் தாண்டிய ஓர் எண், நேரம் அதன் பின்னம். 5 நிமிடம் என்பது நாளில் 288-இல் ஒரு பங்கு. இருமத்தில் அது முடிவில்லாமல் நீளும், எங்கோ வெட்டியாக வேண்டும். தேதி பெரிய எண்ணாக முன்னால் உட்கார்ந்து இலக்கங்களைத் தின்றுவிடுவதால், பின்னத்துக்குக் கிடைக்கும் மிகச் சிறிய படி சுமார் 0.0000006 நொடி. உங்கள் கழித்தலுக்கு விடை கிட்டத்தட்ட 299.9999997. INT பக்கத்து எண்ணைப் பார்க்காது, கீழே தள்ளிவிடும். C2-இல் INT இல்லாமல் போட்டு, 7 தசமம் காட்டச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

முதலில் நொடியாக்குங்கள், பிறகு முழுமையாக்குங்கள்:

```
=ROUND((B2-A2)*86400,0)
```

மறுபடி நேர வடிவில் வேண்டுமானால் 86400-ஆல் வகுங்கள். ஆனால் இரண்டு நேரம் சமமா என்று பார்ப்பதென்றால் முழு நொடிகளையே ஒப்பிடுங்கள்.

இரவுப்பணி: 300 வந்துவிட்டது, மொத்தமும் சரி. 7 தசமத்தில் 299.9999997 என்றே இருந்தது.

நீச்சல்குளம்: எனக்கும் இதே பிழைதான். மூன்று சுற்றும் 10 நொடி என்று காட்டுகிறது, மொத்தம் 31!

பழையகணக்கு: அது வேறு. சுற்றுகளில் மில்லிநொடி இருக்கிறதா?

நீச்சல்குளம்: ஆமாம், ஒவ்வொன்றும் 10.4.

பழையகணக்கு: அப்படியானால் மொத்தம் 31.2, அது சரியான விடை. திரைதான் தசமத்தை மறைக்கிறது. ஒவ்வொரு சுற்றையும் ROUND செய்தால் 30 ஆகிவிடும், உண்மையில் ஓடிய நேரம் தொலைந்துவிடும்.

கட்டம்கட்டி: ஆனால் தாளைப் படிப்பவர் 10, 10, 10 கூட்டினால் 30 என்றுதானே எதிர்பார்ப்பார்?

பழையகணக்கு: நான் தசமத்தைக் காட்டிவிடுவேன். முழு நொடி மட்டும்தான் வேண்டும் என்று கேட்டால், எதை எழுதுவது என்பது கேட்பவரைப் பொறுத்தது.