திறந்தால் மட்டும் கழுத்தில் கசியும் கொல்லைக் குழாய்

கொல்லைப்புறம், திண்டுக்கல்

எங்கள் கொல்லையில் செடிகளுக்குத் தண்ணீர் விடும் பித்தளைக் குழாய் அரை இஞ்சு அளவு. வீடு கட்டியபோது போட்டது, 11 வருடம் ஆகிறது. போன மாதம் அதைத் திறந்தால் கைப்பிடிக்குக் கீழே இருந்து தண்ணீர் கசிந்து, விரல் வழியாக முழங்கை வரை ஓட ஆரம்பித்தது. மூடினால் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஹோஸ் மாட்டி அதன் முனையை விரலால் அடைத்தால் கசிவு இன்னும் கூடியது.

கடையில் சொன்னதும் ஒரு வாஷரைக் கொடுத்தார்கள். மேல்தொட்டி வால்வை மூடிவிட்டு, குழாயின் மேல்பகுதியைக் கழற்றி வாஷரை மாற்றினேன். பழைய வாஷர் நன்றாகத்தான் இருந்தது. மறுபடி திறந்தேன், அதே இடத்தில் அதே தண்ணீர்.

பக்கத்து வீட்டு வேலைக்கு வந்திருந்த பிளம்பர் தம்பி எட்டிப் பார்த்தார். தண்டைச் சுற்றியிருந்த சின்ன நட்டை ஸ்பேனரால் லேசாகத் திருப்பினார். அரைக்கால் சுற்றுகூட இருக்காது, கசிவு நின்றுவிட்டது. “அக்கா, மூடியிருக்கும்போது தண்ணீர் கீழே வாஷரோடு நின்றுவிடும். திறந்தால்தான் தண்டு வரைக்கும் ஏறும். அங்கே அதைத் தடுப்பது இந்த நட்டுக்குள் இருக்கும் நூல். நீங்கள் மாற்றிய வாஷருக்கும் இந்தக் கசிவுக்கும் சம்பந்தமே இல்லை” என்றார்.

கதை அத்தோடு முடியவில்லை. மூன்று வாரத்தில் கசிவு திரும்பியது. நானே நட்டை முறுக்கினேன், அப்புறம் இன்னொரு தடவையும் முறுக்கினேன். இப்போது கழுத்தில் கசிவு இல்லை, ஆனால் மூடிய பிறகு வாய் வழியாகச் சொட்டுகிறது. புது வாஷர் போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

மொட்டைமாடி

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். குழாய் சுவரோடு சேரும் இடத்தில் தண்ணீர் வடிந்து சுவரே ஊறிவிட்டது. கழற்றி டெஃப்லான் டேப் 15 சுற்று சுற்றி மாட்டினோம், நின்றுவிட்டது. நீங்களும் அதையே செய்து பாருங்கள்.

கொல்லைப்புறம், திண்டுக்கல்

எனக்குச் சுவர்ப் பக்கம் காய்ந்துதான் இருக்கிறது அண்ணா. மேலே கைப்பிடியிடம்தான் பிரச்சினை.

ஸ்பேனர் செட்

வாய் வழியாகச் சொட்டினால் வாஷர்தான், வேறு யோசனையே வேண்டாம். மலிவான ரப்பர் சீக்கிரம் போய்விடும், நல்லதாகப் பார்த்து வாங்கிப் போடுங்கள். கழுத்தில் கசிந்தால் நட்டை நன்றாக இறுக்கிவிட வேண்டியதுதான். நான் எப்போதும் முழுதாக இறுக்கிவிடுவேன், அப்புறம் வருஷக்கணக்கில் தொட வேண்டியதில்லை.

32 வருடம் பைப் வேலை, மதுரை

தம்பி சொன்னதில் பாதி சரி. வாயில் சொட்டினால் பெரும்பாலும் வாஷர்தான். ஆனால் இந்த அம்மாவுடைய விஷயத்தில் வாஷர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. நட்டை அதிகம் இறுக்கினால் உள்ளே இருக்கும் நூல் தண்டைக் கவ்விப் பிடித்துவிடும். மூடும்போது கைப்பிடி பாரமாகத் திரும்பும். கைக்கு இறுகியதுபோல் தெரியும், ஆனால் வாஷர் இன்னும் சீட்டில் உட்கார்ந்திருக்காது. அந்த இடைவெளியில்தான் சொட்டுகிறது.

இதைச் சோதிப்பது எளிது. நட்டைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டு மூடிப் பாருங்கள். சொட்டு நின்றால் வாஷர் நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டியது நூல்தான். நட்டை இறுக்க இறுக்கக் கசிவு திரும்புகிறது என்றால் நூல் நைந்து தீர்ந்துபோயிற்று என்று அர்த்தம். நசுக்க உள்ளே ஏதாவது இருந்தால்தானே நட்டு வேலை செய்யும்?

கொல்லைப்புறம், திண்டுக்கல்

தளர்த்தி மூடினேன் ஐயா, சொட்டு நின்றுவிட்டது! திறந்தால் கழுத்தில் ஓடுகிறது. நூலை நானே மாற்றலாமா?

32 வருடம் பைப் வேலை, மதுரை

தாராளமாக மாற்றலாம். தொட்டி வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து பைப்பில் நிற்கும் தண்ணீரை வடிய விடுங்கள். கைப்பிடித் திருகை எடுத்துக் கைப்பிடியை உருவுங்கள். அப்புறம் அந்தச் சின்ன நட்டை மட்டும் கழற்றுங்கள், அதற்குக் கீழே இருக்கும் பெரிய நட்டைத் தொட வேண்டாம். கழற்றும்போது இன்னொரு ஸ்பேனரால் குழாயின் உடம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பைப்பில் மாட்டிய குழாயாக இருந்து, பிடிக்காமல் திருப்பினால் சுவருக்குள் எல்போ உடைந்துவிடும். அப்புறம் சுவரைக் கொத்த வேண்டி வரும்.

பள்ளத்தில் இருக்கும் பழைய நூலைச் சின்னத் திருப்புளியால் எடுத்துவிடுங்கள். ரொம்பப் பழைய குழாய்களில் கல்நார் நூல் வைத்திருப்பார்கள், அதனால் காய்ந்த நிலையில் சுரண்டாமல் நனைத்துக்கொண்டு எடுப்பது நல்லது. கடையில் கருப்பாகக் கிராபைட் நூல் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் டெஃப்லான் டேப்பை ஒரு முழம் வெட்டி, கயிறாக முறுக்கிக்கொள்ளுங்கள். நட்டு இறுகும் திசையிலேயே தண்டைச் சுற்றி மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, பள்ளத்துக்குள் அழுத்துங்கள். நட்டைக் கையால் திருகி, தண்ணீரைத் திறந்த பிறகு கசிவு நிற்கும் வரை மட்டும் ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கைப்பிடி இரண்டு விரலில் திரும்ப வேண்டும், அதுதான் கணக்கு.

ஸ்பேனர் செட்

ஐயா, டெஃப்லான் டேப் ஆறு மாதம்கூடத் தாங்குவதில்லை என்பது என் அனுபவம். கிராபைட் நூல்தான் நிற்கிறது.

32 வருடம் பைப் வேலை, மதுரை

டெஃப்லான் வைத்து நான்கு வருடம் ஓடிய குழாய் என் வீட்டிலேயே இருக்கிறது தம்பி. தண்டு வழவழப்பாக இருந்தால் இரண்டுமே நிற்கும்.

காற்றாலை ஊர்க்காரி

என் குழாய் கால் திருப்பில் திறக்கிற மாதிரி. அதுவும் திறந்தால் மேலே கசிகிறது. நூல் வைக்கலாம் என்று கழற்றினால் நட்டுக்குள் நூலே இல்லை, ஏதோ உருளை மாதிரி ஒன்று வருகிறது.

32 வருடம் பைப் வேலை, மதுரை

அது வேறு வகை அம்மா, உள்ளே செராமிக் தகடு வைத்த உருளை. அதில் ரப்பர் வளையம் போயிருக்கும். வளையம் தனியாகக் கிடைத்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அந்த உருளையையே கடைக்கு எடுத்துப்போய் அதே அளவில் வாங்குங்கள். பல் எண்ணிக்கையும் உயரமும் ஒத்திருக்க வேண்டும்.

கொல்லைப்புறம், திண்டுக்கல்

நேற்றுக் காலை மாற்றிவிட்டேன். பழைய நூல் தூளாகத்தான் வந்தது. கிராபைட் நூல் எங்கள் தெருக் கடையில் கிடைக்கவில்லை, டெஃப்லான்தான் வைத்தேன். முதலில் அவசரத்தில் எதிர்த் திசையில் சுற்றிவிட்டேன். நட்டை இறுக்கும்போது டேப் பிதுங்கி வெளியே வந்தது, எடுத்துவிட்டு மறுபடி சுற்றினேன். இப்போது ஹோஸ் முனையை அடைத்தாலும் கழுத்து காய்ந்து இருக்கிறது. மூடினால் சொட்டும் இல்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. எங்களுடையது போர் தண்ணீர், தண்டில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. புளி போட்டுத் தேய்த்ததில் உப்பு போனது. ஆனால் அடியில் நகம் மாட்டுகிற மாதிரி இரண்டு கோடுகள் இருக்கின்றன.

32 வருடம் பைப் வேலை, மதுரை

நகம் மாட்டினால் அது ஒவ்வொரு திருப்பலுக்கும் நூலை அறுக்கும். மெல்லிய உப்புத்தாளால் தண்டைச் சுற்றி வளைவாகத் தேய்த்துப் பார்க்கலாம், நீளவாக்கில் தேய்க்க வேண்டாம். ஆழமான கோடாக இருந்தால் தேய்த்தும் போகாது.

ஸ்பேனர் செட்

அதற்குப் புதுக் குழாயே வாங்கிவிடலாமே?

கொல்லைப்புறம், திண்டுக்கல்

இந்தப் பித்தளை நல்ல கனம் தம்பி, இப்போது கடையில் பார்த்ததெல்லாம் கையில் எடுத்தால் லேசாக இருக்கிறது. கிராபைட் நூல் வாங்கி வைக்கிறேன். தை மாதத்துக்குள் கசிந்தால் தண்டைத் தேய்த்துவிட்டு அதைப் போட்டுப் பார்க்கிறேன், என்ன ஆனது என்று இங்கேயே எழுதுகிறேன்.