சி2எச் வேலை: நம்முடைய உண்மையான கம்பெனி எது என்று ரெக்ரூட்டருக்கு மெயில் எழுதிக் கேட்ட அனுபவங்கள்

துரைப்பாக்கம் டெஸ்டர்

ஒரு ஸ்டாஃபிங் ஏஜென்சி ரெக்ரூட்டர் அழைத்தார். ஒரு பன்னாட்டு வங்கியின் சென்னை மையத்தில் டெஸ்டிங் வேலை, சி2எச், அதாவது முதலில் ஒப்பந்தத்தில் எடுத்துப் பிறகு பர்மனென்ட் ஆக்கும் முறை, "ஆறு மாதத்தில் பர்மனென்ட் ஆக்கிவிடுவார்கள் மேடம்" என்றார். இன்டர்வியூ எடுத்தவர்கள் வங்கிக்காரர்களே. செலக்ட் ஆனதும் ரெக்ரூட்டருக்கு ஒரே அவசரம். ஆதார், பான், சம்பளச் சீட்டு எல்லாம் கேட்டுவிட்டு, "இப்போதைய கம்பெனியில் இன்றைக்கே பேப்பர் போட்டுவிடுங்கள்" என்றார். என் கையில் ஆஃபர் லெட்டர் இல்லை. யாருடைய லெட்டர் வரப்போகிறது என்பதும் தெரியாது.

போனில் கேட்டால் பேச்சோடு போய்விடும் என்று மெயில் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதுதான், சாரம் இது:

"வணக்கம். இந்த வாய்ப்பில் எனக்கு விருப்பம் உண்டு. ராஜினாமா செய்வதற்கு முன் சில விஷயங்கள் எழுத்தில் தேவை. என் அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் கையெழுத்திடும் நிறுவனத்தின் பதிவு செய்யப்பட்ட முழுப் பெயர் என்ன? பிஎஃப் கட்டுவதும் ஃபார்ம் 16 தருவதும் அதே நிறுவனமா? உங்களுக்கும் வங்கிக்கும் நடுவில் வேறு கம்பெனி உண்டா? பர்மனென்ட் ஆக்குவது எந்த மாதத்தில் பரிசீலிக்கப்படும், யார் முடிவு செய்வார்கள்? அதற்குமுன் வங்கி என்னை விடுவித்தால் என் சம்பளமும் நோட்டீஸும் என்ன ஆகும்?"

பதில் போனில் வந்தது. "அதெல்லாம் ஆன்போர்டிங்கில் சொல்லிவிடுவார்கள் மேடம், எல்லாருக்கும் இப்படித்தான்." சரி என்று கேட்டுக்கொண்டு, அதே மெயில் இழையில் மறுபடி எழுதினேன்: "போனில் பேசியதற்கு நன்றி. முதல் மூன்று கேள்விக்கு மட்டும் இங்கே ஒரு வரி பதில் போட்டால் போதும், ஆவணங்களை அனுப்பிவிடுகிறேன்." அவருக்கு ஆவணம் வேண்டும், எனக்குப் பதில் வேண்டும். மறுநாள் பதில் வந்தது. என்னை அழைத்த ஏஜென்சியும் இல்லை, வங்கியும் இல்லை, நான் கேள்வியே படாத மூன்றாவது கம்பெனி ஒன்றின் பேரோலில்தான் இருப்பேனாம். அவர்களுக்கு அது "பேரோல் பார்ட்னர்".

பெயர் கிடைத்ததும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் தேடினேன். பதிவு இருக்கிறது, நிலை 'Active'. பிஎஃப்பை நிர்வகிக்கும் இபிஎஃப்ஓவின் தளத்தில் 'Establishment Search' என்று ஒன்று உண்டு, அதில்தான் விஷயம் தெரிந்தது. கம்பெனி பெயரைப் போட்டால் எந்த மாதத்துக்கு, எந்தத் தேதியில், எத்தனை பேருக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று வரிசையாகக் காட்டும். ஒரு மாதத்துப் பிஎஃப் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். இவர்கள் பல மாதங்கள் அதைத் தாண்டித்தான் கட்டியிருந்தார்கள். சம்பளமும் இப்படித்தான் வருமோ என்று உடனே யோசனை வந்தது.

அப்புறம் டிராஃப்ட் ஆஃபர் லெட்டர் வாங்கிப் படித்தேன். நான் விலகினால் 90 நாள் நோட்டீஸ், அவர்கள் விலக்கினால் 7 நாள். இன்னொரு வரி: "வேலையை விட்ட 12 மாதங்களுக்குள் கிளையன்ட் நிறுவனத்தில் நேரடியாகச் சேரக் கூடாது." வாசலில் சி2எச் என்று போர்டு மாட்டிவிட்டு உள்ளே கிளையன்டிடம் சேரக்கூடாது என்றால் என்ன அர்த்தம்? அந்த வரியை மஞ்சளில் காட்டித் திருப்பி அனுப்பினேன். "கிளையன்ட் தாமாக எடுத்துக்கொள்வதற்கு இது பொருந்தாது" என்று ஒரு வாக்கியம் சேர்த்துத் தந்தார்கள். நோட்டீஸ் விஷயம் மட்டும் இன்னும் இழுபறி. இதே மாதிரி கேட்டுப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பழைய வெண்டார் ஆள்

நான் மேசைக்கு அந்தப் பக்கம், கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தரும் வெண்டாரிடம் இருந்தவன். ரெக்ரூட்டர் கிளையன்ட் பெயரை முதலில் சொல்லத் தயங்குவது எப்போதும் ஏமாற்று வேலை இல்லை. ஒரே ரோலுக்குப் பல வெண்டார்கள் ஆள் தேடுவார்கள். கிளையன்டின் போர்ட்டலில் உங்கள் ப்ரொஃபைலை யார் முதலில் ஏற்றுகிறாரோ அவருக்குத்தான் கணக்கு. அதனால்தான் "உங்கள் மூலம் மட்டுமே விண்ணப்பிக்கச் சம்மதம்" என்று உங்களிடம் மெயில் கேட்பார்கள். அந்த மெயிலைத் தருவதற்குமுன் கிளையன்ட் பெயரைக் கேளுங்கள். அப்போதும் சொல்லாதவரிடம் தள்ளி நிற்பது நல்லது. செலக்ட் ஆன பிறகும் பேரோல் கம்பெனி பெயரைச் சொல்லவில்லை என்றால் அதற்கு நியாயமே கிடையாது.

நடுவில் ஆள் இருக்கிறாரா என்று கேட்டது நல்ல கேள்வி, ஏனென்றால் அதில் உங்கள் பணம் இருக்கிறது. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். கிளையன்ட் உங்களுக்காக மாதம் 1,40,000 கொடுக்கிறது, உங்கள் சிடிசி மாதம் 1,10,000 என்று வையுங்கள். மீதி 30,000 ஒரே வெண்டாருக்குப் போனால் அவர் உங்களுக்கு 5,000 ஏற்றித் தரவும் இடமிருக்கும். அதையே இரண்டு பேர் பங்கு போட்டால் யாரும் அசைய மாட்டார்கள். தாமதமாகச் சம்பளம் வருவதும் பெரும்பாலும் இங்கேதான். மேலே இருப்பவர் 60 நாள் கழித்துப் பணம் தருவார், கீழே இருக்கும் சின்னக் கம்பெனியிடம் அதுவரை தாங்கப் பணம் இருக்காது. நீங்கள் பார்த்த பிஎஃப் தேதிகள் அதைத்தான் காட்டுகின்றன.

'ஆறு மாதம்' விஷயத்துக்கு வருகிறேன். கிளையன்டுக்கும் மேல் வெண்டாருக்கும் உள்ள ஒப்பந்தத்தில், ஆளை நேரடியாக எடுத்துக்கொள்ள ஒரு கட்டணம் இருக்கும். ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், அடிக்கடி பார்க்கக்கூடிய அளவு. குறிப்பிட்ட மாதங்கள் கடந்தால் கட்டணம் இல்லை என்றும் இருக்கும். அந்தக் கெடு 12 மாதம் என்றால், மேனேஜர் ஆறு மாதத்தில் ஆசைப்பட்டாலும் கொள்முதல் பிரிவு "இன்னும் ஆறு மாதம் பொறுங்கள்" என்று சொல்லிவிடும். ரெக்ரூட்டருக்கு இந்த ஒப்பந்தத்தைப் பார்க்கும் வாய்ப்பே இருக்காது, அதனால் அவர் சொன்ன ஆறு மாதம் அவர் காதில் விழுந்த ஆறு மாதம். நான் என்றால் கிளையன்ட் மேனேஜரிடம், "உங்கள் டீமில் இப்படி வந்தவர்களில் கடந்த ஒரு வருடத்தில் எத்தனை பேரைப் பர்மனென்ட் ஆக்கினீர்கள்?" என்று கேட்பேன். அவர் பெயர் பெயராகச் சொல்கிறாரா, "பண்ணுவோம்" என்று மழுப்புகிறாரா என்பதிலேயே பதில் வந்துவிடும்.

சட்டம் பேசுபவன்

இவ்வளவு எதற்கு? தமிழ்நாட்டில் 1981-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தால் பர்மனென்ட் ஆக்கியே தீர வேண்டும். கையெழுத்துப் போட்டு உட்காருங்கள், நாளை எண்ணுங்கள், அப்புறம் வங்கியின் மேல் கேஸ் போடுங்கள்.

லேபர் கோர்ட் படியேறியவர்

தம்பி, சட்டம் இருப்பது உண்மை. ஆனால் அந்த 480 நாளை யாரிடம் வேலை செய்ததாகக் காட்டுவீர்கள்? சீட்டு, பிஎஃப், ஃபார்ம் 16 எல்லாம் பேரோல் கம்பெனி பெயரில் இருக்கும். வங்கியின் ஆள் நான் என்று சொல்ல, நடுவில் உள்ள ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று முதலில் நிரூபிக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் தானாகவே முதன்மை நிறுவனத்தின் ஊழியர் ஆகிவிட மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் சொல்லிவிட்டது. அதுவும் போக, சாஃப்ட்வேர் இன்ஜினியர் 'தொழிலாளர்' ஆவாரா என்பதே ஒவ்வொரு வழக்கிலும் அவர் செய்யும் வேலையை வைத்து வாதாட வேண்டிய விஷயம். நான் ஆலைக் கேஸில் வருடக்கணக்கில் நடந்தவன். இதை நம்பி யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.

டல்லாஸ் அண்ணன்

இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு? இங்கே அமெரிக்காவில், ஊழியருக்குத் தரும் டபிள்யூ-2 வரித் தாளா, சுயமாக வேலை செய்பவருக்குத் தரும் 1099 ஆ என்று ஒரே கேள்வி கேட்டால் முடிந்தது. டபிள்யூ-2 என்றால் அந்தத் தாளில் 'c' கட்டத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் முதலாளி. 1099 என்றால் உங்களுக்கு முதலாளியே இல்லை, வரியை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். எச்1பி விசாவில் இருப்பவர்கள் மனுப் போட்ட கம்பெனியிடம்தான் சம்பளம் வாங்க முடியும், அதனால் கிளையன்ட் எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் புது மனு அவர்கள் போட வேண்டும். என் விஷயத்தில் கிளையன்ட் ரெடி, வக்கீல் செலவு யார் தருவது என்பதிலேயே பேச்சு நின்றுபோனது.

துரைப்பாக்கம் டெஸ்டர்

அண்ணா, நான் இருப்பது சென்னை ஓஎம்ஆரில் :) இங்கே அந்தத் தாள் இல்லை. ஆனால் கேள்வி ஒன்றுதான், ஃபார்ம் 16-இல் யார் பெயர் என்பது.

வெண்டார் அண்ணா, இன்னொன்று. என் சிடிசியில் கிராஜுவிட்டி என்று ஒரு தொகையைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒப்பந்தக் காலம் 11 மாதம். அது என் கைக்கு வருமா?

பழைய வெண்டார் ஆள்

11 மாதம் என்று பார்த்ததும் சிரித்துவிட்டேன். முன்பு கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், குறிப்பிட்ட கால ஒப்பந்த ஊழியருக்கு ஒரு வருடம் முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு. 11 மாதத்தில் முடித்தால் அந்த ஒரு வருடம் நிறையாது. புதுப்பித்துத் தொடரும்போது இடைவெளி விடுவார்களா, தொடர்ச்சியாக எண்ணுவார்களா என்று மெயிலில் கேளுங்கள். இடைவெளி இல்லை என்று எழுதித் தந்தால் நல்லது. எழுதித் தராவிட்டால் அந்தத் தொகையைச் சிடிசியில் இருந்து கழித்துவிட்டு மீதியை மட்டும் சம்பளம் என்று எண்ணிப் பேசுங்கள்.

லேபர் கோர்ட் படியேறியவர்

11 மாதத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தால் கோர்ட் அதைத் தொடர்ச்சியான வேலை என்றே பார்க்கும் என்பது என் எண்ணம். புதுச் சட்டத்தில் என்ன சொல்வார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

பழைய வெண்டார் ஆள்

உங்கள் எண்ணம் சரியாகவே இருக்கட்டும் சார். கிராஜுவிட்டிக்காக ஒரு டெஸ்டர் கோர்ட்டுக்குப் போவாரா?

பீளமேட்டுக்காரி

நான் இதே வழியில் வந்து இப்போது கிளையன்ட் பேரோலில் இருக்கிறேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பர்மனென்ட் ஆவது என்றால் பழைய வேலை அப்படியே தொடரும் என்று நினைத்திருந்தேன். நடந்தது என்னவென்றால், பேரோல் கம்பெனியில் ராஜினாமா செய்து, ரிலீவிங் லெட்டர் வாங்கி, கிளையன்டில் புதிதாகச் சேர்ந்தேன். லீவு இருப்பு போனது, சர்வீஸ் பூஜ்ஜியத்தில் இருந்து ஆரம்பம். ஆகவே மெயிலில் "மாறும்போது மீதி லீவுக்குப் பணம் உண்டா, ரிலீவிங் லெட்டர் எத்தனை நாளில் தருவீர்கள்" என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிஎஃப்-இல் நம்முடைய யுஏஎன் எண் அதேதான், ஆனால் பழைய கம்பெனி வெளியேறிய தேதியைப் போட்டால்தான் பணத்தை மாற்ற முடியும். என் பழைய கம்பெனி போடவே இல்லை, எச்ஆர் போனையும் எடுக்கவில்லை. கடைசியாகப் பணம் கட்டிய மாதத்தில் இருந்து இரண்டு மாதம் கழித்து, யுஏஎன் போர்ட்டலில் 'Mark Exit' என்ற இடத்தில் நாமே போட்டுக்கொள்ளலாம். ஆதாருடன் இணைத்த மொபைலுக்கு ஓடிபி வரும். தேதியைக் கவனமாகப் போடுங்கள், ஒருமுறை போட்டால் நாமாக மாற்ற முடியாது.