கலைச்சொல்: வளையம் நிலைத்திருக்கும் கெயின் அளவுக்கு என்ன சொல்? (ரௌத் அட்டவணை தொடர்பாக)

அனுப்பியவர்: அ.

அனைவருக்கும் வணக்கம். கட்டுப்பாட்டுப் பொறியியல் சொற்பட்டியலில் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். பின்னூட்ட வளையத்தின் சிறப்பியல்புக் கோவையை எடுத்து, ரௌத் அட்டவணை போட்டு, கெயின் எவ்வளவு வரை இருந்தால் வளையம் நிலையாக இருக்கும் என்று பார்க்கிறோம் அல்லவா? அந்த அளவுக்கு ஒரு சொல் வேண்டும். இப்போதைக்கு 'உச்ச ஈட்டம்' என்று போட்டிருக்கிறேன். `K/(s(s+2)(s+5))` என்ற அமைப்புக்குக் கோவை `s^3 + 7s^2 + 10s + K`. அட்டவணை K < 70 என்கிறது. அந்த 70தான் உச்ச ஈட்டம். சொல் பொருந்துகிறது என்றுதான் தோன்றுகிறது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

அட்டவணையையே 'ரௌத் அணி' என்று எழுதலாமா என்பது இரண்டாவது கேள்வி.

---

அனுப்பியவர்: கு.

'உச்ச ஈட்டம்' எனக்குச் சம்மதம். ஆனால் இதற்கு அட்டவணை எதற்கு? கோவையின் குணகங்கள் எல்லாம் நேர்மமாக இருந்தால் போதுமே. K-க்குப் பக்கத்தில் என்ன எண் நிற்கிறது என்று பார்த்தாலே விடை வந்துவிடும்.

---

அனுப்பியவர்: நா.

அ. தம்பிக்கு,

இரண்டாவது கேள்வி எளிது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். 'ரௌத் அணி' வேண்டாம். நம் கணிதப் பாடநூல்களில் அணி என்றால் பெருக்கலாம், நேர்மாறு காணலாம். ரௌத் 1877-இல் தந்த அடுக்கில் அப்படி எதுவும் செய்வதில்லை. அதோடு, ஹுர்விட்ஸ் 1895-இல் இதே கேள்விக்கு எழுதிய விடையில் உண்மையிலேயே ஓர் அணி இருக்கிறது, அதன் அணிக்கோவைகளைத்தான் சோதிக்கிறோம். இரண்டையும் 'அணி' என்றால் படிப்பவருக்கு எது எதுவென்றே தெரியாமல் போகும். 'ரௌத் அட்டவணை' என்றே இருக்கட்டும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். 'உச்ச' என்ற அடைமொழி வந்தவுடன், அதற்குக் கீழே எந்த மதிப்பும் ஆகும் என்று பொருளாகிவிடுகிறது. உங்கள் எடுத்துக்காட்டில் கீழ் எல்லை 0, அதனால் அது கண்ணில் படவில்லை. தன் போக்கில் விட்டால் விலகி ஓடும் அமைப்பு ஒன்றை எடுத்துப் பாருங்கள்:

`G(s) = K / ((s-1)(s+2)(s+5))`

வலப்பாதித் தளத்தில் 1 என்ற இடத்தில் ஒரு துருவம் இருக்கிறது. வளையத்தை மூடினால் கோவை `s^3 + 6s^2 + 3s + (K-10)`. அட்டவணை இது:

```
s^3 |  1             3
s^2 |  6             K - 10
s^1 |  (28 - K)/6    0
s^0 |  K - 10
```

மூன்றாம் நிரை எப்படி வந்தது என்றால்: 6-ஐ 3-ஆல் பெருக்கி, அதிலிருந்து 1 × (K-10)-ஐக் கழித்து, 6-ஆல் வகுக்கிறோம். முதல் நிரலில் நான்கு எண்களும் நேர்மமாக இருக்க வேண்டும். 1-உம் 6-உம் எப்போதும் அப்படித்தான். மூன்றாவது K < 28 கேட்கிறது, நான்காவது K > 10 கேட்கிறது. ஆக 10-க்கும் 28-க்கும் நடுவில் மட்டும் நிலைப்பு. K = 5 என்று வைத்தால் 'உச்சத்துக்கு' எவ்வளவோ கீழேதான் இருக்கிறோம், ஆனாலும் முதல் நிரலில் ஒரு முறை குறி மாறுகிறது, ஒரு மூலம் வலப்பக்கம் நிற்கிறது. பாதுகாப்புக்காகக் கெயினைக் குறைக்கலாம் என்று நினைப்பவரை இந்தச் சொல் தவறான பக்கம் தள்ளிவிடும்.

கு. சொன்னது பாதிதான் சரி. குணகங்கள் நேர்மமாக இருக்க வேண்டியது கட்டாயம். இரண்டாம் படிக் கோவையில் அதுவே போதும். மூன்றாம் படியிலிருந்து போதாது. K = 40 போட்டுப் பாருங்கள்: `s^3 + 6s^2 + 3s + 30`. எல்லாம் நேர்மம். ஆனால் 6 × 3 = 18 என்பது 30-ஐவிடக் குறைவு, மூன்றாம் நிரை எதிர்மமாகிவிடுகிறது. குறி இரண்டு முறை மாறுகிறது, இரண்டு மூலங்கள் வலப்பக்கம்.

---

அனுப்பியவர்: கு.

சரி அம்மா, 40-ஐப் போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்னதுதான் வருகிறது. அப்படியானால் 'ஈட்ட வீச்சு' என்று வைக்கலாமே? புள்ளியியலில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வேறுபாட்டை வீச்சு என்றுதானே சொல்கிறோம்?

---

அனுப்பியவர்: சு.

நீங்கள் பேசுவது கெயின் மார்ஜின்தானே? அதற்கு ஏற்கெனவே 'ஈட்ட விளிம்பு' என்று சிலர் எழுதுகிறார்களே. இன்னொன்று, எங்கள் பக்கத்துப் பாடநூல்களில் கெயினுக்கு 'நயம்' என்றுதான் படித்தோம். 'ஈட்டம்' என்றால் எனக்கு வருமானம்தான் நினைவுக்கு வருகிறது.

---

அனுப்பியவர்: நா.

சு. அவர்களுக்கு: இல்லை, அது வேறு. கெயின் மார்ஜின் என்பது நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் K-யிலிருந்து எல்லைக்கு எத்தனை மடங்கு தூரம் என்பது. மேலே உள்ள அமைப்பில் K = 20 என்று வைத்தால், மேல் எல்லைக்கு 28/20 = 1.4 மடங்கு, கீழ் எல்லைக்கு 0.5 மடங்கு. K-யை மாற்றினால் இவையும் மாறும். 10, 28 என்ற எல்லைகள் மாறா. நாம் பெயர் தேடுவது அந்த எல்லைகளுக்கு நடுவில் உள்ளதற்கு. நயமா ஈட்டமா என்பதை இந்த இழையில் தொட வேண்டாம். முன்பே ஒரு முறை பேசி முடிவுக்கு வராத விஷயம் அது.

கு. அவர்களுக்கு: 'வீச்சு' இங்கே சிக்கல் தரும். மேல் எல்லையில் வளையம் அலைவுறும், அந்த அலைவின் வீச்சு என்று அடுத்த வரியிலேயே எழுத வேண்டியிருக்கும். ஒரே பத்தியில் இரண்டு வீச்சு.

என் முன்மொழிவு 'நிலைப்பு நெடுக்கம்'. அலைவெண் நெடுக்கம் என்று ஏற்கெனவே எழுதுகிறோம், அதே போக்கில் இது. சில அமைப்புகளில் K-யை ஏற்றிக்கொண்டே போனால் நிலைப்பு போய், மறுபடி வந்து, மறுபடி போகும். அங்கே 'இரண்டு நிலைப்பு நெடுக்கங்கள்' என்று தயங்காமல் சொல்லலாம். 'உச்ச ஈட்டம்' என்பதை வைத்துக்கொண்டு அதைச் சொல்லவே முடியாது.

---

அனுப்பியவர்: வே.

இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். சொல்லைப் பற்றி எனக்குப் பெரிய கருத்து இல்லை, என் கதையைச் சொல்கிறேன். நா. அம்மா போட்டது போலவே ஒரு அமைப்பு. எண்களும் கிட்டத்தட்ட அவைதான். அட்டவணை 10 முதல் 28 வரை என்றது. நடுவில் இருக்கட்டும் என்று 20 வைத்தேன். வளையம் மெதுவாக ஆட ஆரம்பித்து, ஆட்டம் கூடிக்கொண்டே போனது. அட்டவணையை நம்பி என்ன பயன்? நடைமுறையில் நெடுக்கத்தில் பாதிதான் கிடைக்கும் என்று ஒரு குறிப்பு சேர்க்கலாம்.

---

அனுப்பியவர்: நா.

வே. தம்பி, சென்சாரின் குறிப்பலையை எங்காவது வடிகட்டுகிறீர்களா? நேர மாறிலி எவ்வளவு?

---

அனுப்பியவர்: வே.

ஆமாம், இரைச்சலுக்காக 0.1 நொடி வடிகட்டி ஒன்று இருக்கிறது. அமைப்பின் மற்ற நேர மாறிலிகளோடு பார்த்தால் சிறியது என்று கணக்கில் சேர்க்கவில்லை.

---

அனுப்பியவர்: நா.

அங்கேதான் இருக்கிறது விஷயம். வடிகட்டியைச் சேர்த்தால் கோவை நான்காம் படியாகிறது:

`0.1s^4 + 1.6s^3 + 6.3s^2 + 2s + (K-10)`

```
s^4 |  0.1      6.3      K - 10
s^3 |  1.6      2
s^2 |  6.175    K - 10
s^1 |  2 - 1.6(K - 10)/6.175
s^0 |  K - 10
```

s^1 நிரை நேர்மமாக இருக்க K - 10 < 7.72, அதாவது K < 17.72. கீழ் எல்லை அதே 10. உங்கள் 20 வெளியே போய்விட்டது. அட்டவணை பொய் சொல்லவில்லை, அதற்குக் கொடுத்த கோவையில்தான் ஓர் உறுப்பு குறைந்தது. 18 அகலம் இருந்த நெடுக்கம் 7.7 ஆகியிருப்பதைப் பாருங்கள். 'பாதி கிடைக்கும்' என்று பொதுவாக எழுத முடியாது. வேறு வடிகட்டி என்றால் வேறு எண் வரும்.

மேல் எல்லை இவ்வளவு இறங்கியும் கீழ் எல்லை ஏன் அசையவில்லை என்பதையும் கவனியுங்கள், சொல்லுக்கும் அது உதவும். K = 10-இல் கடைசி நிரைதான் பூச்சியமாகிறது, ஒரு மூலம் s = 0-இல் உட்கார்கிறது. அங்கே எல்லாம் மிக மெதுவாக நடப்பதால் வடிகட்டி இருப்பதே தெரியாது. 10-க்குச் சற்றுக் கீழே போனால் வெளியீடு ஆடாது, ஒரே பக்கமாக மெல்ல நழுவிக்கொண்டு போகும். மேல் எல்லை அப்படி அல்ல. வடிகட்டி இல்லாத முதல் அட்டவணையில் K = 28 வைத்தால் s^1 நிரை முழுவதும் பூச்சியம். அதற்கு மேலே உள்ள நிரையிலிருந்து துணைக்கோவை `6s^2 + 18 = 0` எழுதினால் s = ±j√3, அதாவது 1.73 ரேடியன்/நொடி அலைவு, ஒரு சுழற்சிக்கு ஏறத்தாழ 3.6 நொடி. உங்கள் வடிகட்டியோடு இதே கணக்கைப் போட்டால் எல்லையில் 1.12 ரேடியன்/நொடி, சுழற்சிக்கு 5.6 நொடி வரும். நீங்கள் பார்த்த ஆட்டத்தின் காலம் அதை ஒட்டி இருந்ததா? இருந்திருந்தால் வேறெங்கும் காரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டு எல்லையிலும் நடப்பது வேறு வேறு. அதனால் 'மேல் எல்லை, கீழ் எல்லை' என்பதோடு நிற்காமல் 'அலைவு எல்லை', 'நழுவல் எல்லை' என்று பட்டியலில் சேர்க்கலாம் என்பது என் எண்ணம்.

---

அனுப்பியவர்: வே.

பதிவை எடுத்துப் பார்த்தேன். சுழற்சிக்கு ஐந்தரை நொடிக்குக் கொஞ்சம் குறைவு. K-யை 13-க்கு இறக்கியதும் ஆடி அடங்கிவிட்டது. அந்தக் குறிப்பு வேண்டாம், நான் சொன்னதை விட்டுவிடுங்கள்.

---

அனுப்பியவர்: சு.

'அலைவு எல்லை' நன்றாக இருக்கிறது. 'நழுவல் எல்லை'யில் எனக்குத் தயக்கம். கீழ் எல்லையிலும் அலைவு வரக்கூடிய அமைப்புகள் உண்டே? மூலம் s = 0 வழியாகத்தான் கடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே?

---

அனுப்பியவர்: நா.

உண்மைதான். கீழ் எல்லையில் s^1 நிரை பூச்சியமானால் அதுவும் அலைவு எல்லைதான். அதனால்தான் எந்த நிரை பூச்சியமாகிறது என்பதை வைத்துப் பெயர் சொல்ல வேண்டும் என்கிறேன், மேல் கீழ் என்பதை வைத்து அல்ல. நீங்கள் சொல்வது போன்ற அமைப்பில் இரண்டு பக்கமும் அலைவு எல்லை என்றே எழுதுவோம்.

---

அனுப்பியவர்: அ.

'நிலைப்பு நெடுக்கம்', 'அலைவு எல்லை', 'ரௌத் அட்டவணை' மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிட்டேன். 'உச்ச ஈட்ட'த்தை எடுத்துவிட்டேன். 'நழுவல் எல்லை' பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். 'விலகல்' என்று மாற்றலாமா என்று யோசித்தேன், ஆனால் புள்ளியியலில் அது வேறு பொருளில் இருக்கிறது. எடுத்துக்காட்டாக 10–28 கணக்கையும், அதன் கீழே வடிகட்டி சேர்த்த 10–17.72 கணக்கையும் இணைத்திருக்கிறேன்.